இனப்படுகொலையைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பது?

ஜெர்மனியில் 1930களின் நடுவில் வெளிவந்த ஒரு பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் செலவாகிறது. ஒரு குடியிருப்பு வீடு கட்ட 15,000 மார்க் போதும். காப்பகத்துக்கு ஆன பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்? இதுதான் கேள்வி. வகுத்தல் தெரிந்த பிள்ளை 400 என்று விடை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

அந்தக் கணக்கில் ரத்தமும் இல்லை, வசைச்சொல்லும் இல்லை. ஆனால் 400 என்று எழுதிய பிள்ளை, ஒரு நோயாளி உயிரோடு இருப்பதால் வேறொரு குடும்பத்துக்கு வீடு கிடைக்காமல் போகிறது என்ற எண்ணத்தையும் தன் கையாலேயே எழுதிவிடுகிறது. சில ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தது. 1939க்கும் 1941க்கும் இடையில் காப்பகங்களில் இருந்த 70,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை, மருத்துவர்கள் பொறுப்பில் இயங்கிய ஓர் அரசுத் திட்டம் கொன்றது. அவர்களைக் கொன்றதால் உணவிலும் பராமரிப்பிலும் பத்தாண்டுகளில் எவ்வளவு பணம் மிச்சமாகும் என்று அந்தத் திட்டத்தின் அலுவலர்கள் கணக்கும் போட்டு வைத்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் பிள்ளைகள் செய்த அதே வகுத்தலும் பெருக்கலும்தான்.

இனப்படுகொலை பற்றி வினாத்தாள் தயாரிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் புத்தகத்தின் கதையைத்தான். கோரமான வர்ணனையை நீக்கிவிட்டால் கேள்வி மரியாதையானதாகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். அந்தக் கணக்கில் கோரம் எதுவும் இல்லை. ஆனால் அதைவிட அவமரியாதையான கேள்வியை நினைத்துப் பார்ப்பது கடினம். கேள்வியில் என்ன சொற்கள் இருக்கின்றன என்பதோடு, அந்தக் கேள்வி மாணவரை என்ன செய்யச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விடை எழுதும் அந்தச் சில நிமிடங்களுக்கு மாணவர் ஒரு கொலைக்கணக்கராக ஆகிறாரா, வேடிக்கை பார்ப்பவராக ஆகிறாரா, அல்லது ஆவணங்களைப் படித்து எப்படி இது நடந்தது என்று ஆராய்பவராக ஆகிறாரா? இந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே சரியாகிவிடும்.

தேர்வறை வகுப்பறை அல்ல

நம் பிள்ளைகள் இந்தப் பாடங்களைப் படிக்காமல் இல்லை. மத்திய வாரியத்தின் 9ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் நாஜிசமும் ஹிட்லரின் எழுச்சியும் ஒரு முழுப் பாடமாக இருந்திருக்கிறது. ஜாலியன்வாலா பாக் இல்லாத இந்திய வரலாற்று வினாத்தாளைப் பார்ப்பது அரிது. பாடம் இருந்தால் கேள்வியும் இருக்கத்தான் செய்யும்.

இத்தகைய பாடங்களை நடத்துவது எப்படி என்பதற்கு உலகில் நல்ல வழிகாட்டுதல்கள் உண்டு. ஜெருசலேமில் உள்ள யாட் வஷெம் நினைவகத்தின் கல்விப் பிரிவு, மாணவர்களைப் பாதுகாப்பாக உள்ளே அழைத்துச் சென்று பாதுகாப்பாக வெளியே கொண்டுவர வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறது. கொல்லப்பட்ட மக்களின் பழைய வாழ்க்கையில் தொடங்கி, கொடுமையை வயதுக்கேற்ற அளவில் சொல்லி, பிழைத்தவர்கள் மீண்டும் வாழ்க்கையைக் கட்டியெழுப்பியதில் முடிப்பது அந்த முறை. வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், குறுக்கெழுத்துப் புதிர்களும் கைதியாகவோ காவலராகவோ நடித்துப் பார்க்கும் பயிற்சிகளும் வேண்டாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்கிறது.

ஆனால் இவை எல்லாம் வகுப்பறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தேர்வறையில் உள்ளே அழைத்துச் செல்லவும் ஆள் இல்லை, வெளியே கொண்டுவரவும் ஆள் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம் மாறினால் ஆசிரியர் நிறுத்தலாம். தேர்வில் அந்தப் பிள்ளை கேள்வியைத் தனியே படித்து, தனியே விழுங்கிக்கொண்டு, மணி அடிப்பதற்குள் அடுத்த பக்கத்தில் உள்ள பொருளாதாரக் கேள்விக்கும் விடை எழுதியாக வேண்டும். விலகிப்போகும் உரிமை அதற்கு இல்லை. விலகினால் மதிப்பெண் போகும்.

அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் வினாத்தாள் தயாரிப்பவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் யாருடைய படத்துக்கு மாலை போட்டிருக்கிறது, எதைப் பற்றிப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அறிந்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. வேறு நாட்டைப் பற்றிய கேள்வியாக இருந்தாலும் அவர்கள் அதைப் படிக்கும் விதம் வேறு. ஆகவே வகுப்பில் சொல்லத் தகுந்த ஒன்று தேர்வில் கேட்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பழகிய வடிவங்களின் ஆபத்து

நமக்குப் பழகிய வினா வடிவங்கள் பெரும்பாலும் தீங்கற்ற பாடங்களுக்காக உருவானவை. அவற்றை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்தும்போதுதான் தவறு நேர்கிறது.

கொள்குறி வினாவை எடுத்துக்கொள்வோம். கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு நான்கு எண்களைத் தருவது எளிது. மூன்று எண்கள் தவறாக இருந்தாக வேண்டும் என்பதுதான் இந்த வடிவத்தின் விதி. எனவே வினா எழுதுபவர் உண்மையைவிடக் குறைவான எண்களைத் தன் கற்பனையிலிருந்து எழுதுகிறார். இனப்படுகொலையை மறுப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். உறவினரை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த நான்கு எண்களும் ஏலத்தொகை போலத் தெரியும். இந்த வடிவம் வேண்டுமென்றால் ஆண்டு, நீதிமன்றம், ஒப்பந்தம், பதவி ஆகியவற்றைக் கேட்கலாம். 1948இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கை, இன்னின்ன வகைக் குழுக்களைப் பாதுகாக்கிறது என்று கேட்டால் தவறான தெரிவுகள் யாரையும் காயப்படுத்தாது.

எண்ணிக்கையே தொடக் கூடாத பொருள் என்று இதற்குப் பொருள் அல்ல. ஜாலியன்வாலா பாக்கில் 379 பேர் இறந்ததாக அரசு சொன்னது; காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு ஏறத்தாழ 1,000 பேர் என்று மதிப்பிட்டது. இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு கொடுத்துவிட்டு, இந்த இரண்டு கணக்குகளும் இவ்வளவு வேறுபடக் காரணம் என்ன என்று கேட்டால், மாணவர் சான்றுகளைப் பற்றி யோசிப்பார். யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், குறைத்துச் சொல்ல யாருக்குத் தேவை இருந்தது என்று தேடுவார். இறந்தவர்களின் எண்ணிக்கை அப்போது மனப்பாடத்துக்கு உரிய எண்ணாக இல்லாமல், விசாரணைக்கு உரியதாக ஆகிறது.

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் வேறொரு சிக்கல் உண்டு. கொலைக்கு முன் ஒரு மக்களைப் பூச்சியென்றும் நோயென்றும் அழைப்பது பல இனப்படுகொலைகளில் நடந்திருக்கிறது. அந்த வசைச்சொல்லை விடையாக வைத்தால், மாணவர் அதைத் தன் கையெழுத்தில் எழுதித்தான் மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கும். அந்த மக்களில் ஒருவரே அறையில் இருந்தால்? மனிதரை மனிதர் அல்லாதவராகக் காட்டும் பேச்சு கொலைக்கு எப்படி வழி செய்கிறது என்று கேட்கலாம். அந்தச் சொல்லையே எழுதச் சொல்ல வேண்டியதில்லை.

நெடுவினாவில் இரண்டு வடிவங்கள் மிகவும் ஆபத்தானவை. ஒன்று, உன்னை ஒரு கைதியாகக் கற்பனை செய்துகொண்டு நாட்குறிப்பு எழுது என்பது. படைப்பாற்றலை வளர்க்கும் நல்ல எண்ணத்தோடுதான் இது எழுதப்படுகிறது. ஆனால் மதிப்பெண்ணுக்காக எழுதும் மாணவர், தான் அறியாத ஒரு துயரத்தைச் சினிமாக்காட்சிகளிலிருந்து இட்டுக்கட்டுவார். கோரமாக எழுதினால் மதிப்பெண் கூடும் என்றும் நினைப்பார். உண்மையில் அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்தது இருக்கும்போது, இல்லாத ஒன்றை உண்டாக்கச் சொல்வது அவர்களுடைய சொல்லைத் தள்ளிவைப்பதாகும்.

இன்னொன்று, இரு தரப்பு வாதங்களையும் எழுதி உன் நிலைப்பாட்டைக் கூறு என்பது. 2014இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ரியால்டோ என்ற ஊரின் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு, யூத இனப்படுகொலை உண்மையில் நடந்ததா அல்லது ஆதாயத்துக்காகக் கட்டிவிட்ட கதையா என்று வாதிட்டுக் கட்டுரை எழுதும் பயிற்சி கொடுக்கப்பட்டது. சான்றுகளை எடைபோடும் திறனை வளர்ப்பதே நோக்கம் என்று சொன்னார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்த பிறகு அது கைவிடப்பட்டது. நீதிமன்றங்களும் ஆவணங்களும் பிழைத்தவர்களின் சாட்சியமும் நிறுவிய ஒன்றை இரண்டு பக்கம் உள்ளதாகக் காட்டியதுதான் அங்கே நடந்த தவறு. சான்றை எடைபோடக் கற்றுத்தர வேறு கேள்விகள் எத்தனையோ உண்டு: ஓர் அரசு எப்போது என்ன அறிந்திருந்தது, ஒரு தீர்மானத்துக்கு மாற்று வழி இருந்ததா, ஒரு தீர்ப்பு போதுமானதா என்பவை எல்லாம் உண்மையிலேயே வாதத்துக்கு உரியவை.

ஒரு கேள்வியைத் திருத்திப் பார்ப்போம்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கேள்வியை எடுத்துத் திருத்திப் பார்ப்பது தெளிவு தரும். ருவாண்டாவை எடுத்துக்கொள்வோம். 1994 ஏப்ரல் 6 அன்று அந்நாட்டு அதிபர் ஹப்யரிமானா சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே தொடங்கிய கொலைகள் சுமார் 100 நாட்கள் நீடித்தன. ஐ.நா. மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் துட்சி மக்கள்.

வழக்கமாக எழுதப்படக்கூடிய ஒரு கேள்வி இப்படி இருக்கும்:

*பழங்காலம் முதல் பகைமை கொண்டிருந்த ஹூட்டுகளால் துட்சிகள் எவ்வாறு கொடூரமாகக் கொல்லப்பட்டனர் என்பதை விவரி. (5 மதிப்பெண்)*

இந்த ஒரே வரியில் மூன்று குறைகள் உள்ளன. முதல் குறை எல்லோருக்கும் தெரியும்: எவ்வாறு கொல்லப்பட்டனர் என்று விவரிக்கச் சொன்னால் ஆயுதங்களையும் காயங்களையும் பட்டியலிடுவதுதான் விடை. அதை எழுதும் மாணவருக்கு வரலாறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது குறை, பழங்காலப் பகைமை என்ற சொற்களில் இருக்கிறது. மாணவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய காரணத்தைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அதுவும் தவறாகச் சொல்கிறது. அங்கே இரு பிரிவினரும் ஒரே மொழி பேசி, ஒரே மலைச்சரிவுகளில் அக்கம்பக்கமாக வாழ்ந்தவர்கள். 1930களின் தொடக்கத்தில் பெல்ஜியக் காலனி ஆட்சி ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்து, அதில் ஹூட்டு, துட்சி, ட்வா என்று பிரிவை எழுதியது. நெகிழ்வாக இருந்த ஒரு பாகுபாடு அப்போது தந்தை வழியாகப் பிள்ளைக்கு இறங்கும் மாறாத முத்திரையாக ஆனது. பழம்பகை என்று எழுதிவிட்டால் இந்த நிர்வாக வரலாறு முழுவதும் மறைந்து, படுகொலை ஏதோ மழை வெள்ளம் போலத் தானாக வந்தது என்றாகிவிடும்.

மூன்றாவது குறை, ஹூட்டுகளால் என்ற சொல். அது ஒரு மக்கள் முழுவதையும் குற்றவாளி ஆக்குகிறது. ஏப்ரல் 7 அன்று முதலில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானா. அவரும் ஹூட்டுதான். கொலைகளுக்கு எதிராக நின்ற ஹூட்டு மக்கள் பலர் கொல்லப்பட்டனர். எனவே செய்தவர்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: இடைக்கால அரசு, இராணுவத்தின் ஒரு பகுதி, இன்டராஹாம்வே என்ற ஆயுதக்குழு, அவர்களுக்குக் கீழ்ப்படிந்த உள்ளூர் அதிகாரிகள், அவர்களோடு சேர்ந்துகொண்ட பொதுமக்கள். இப்படி எழுதுவது துல்லியத்துக்கும் தேவை, நீதிக்கும் தேவை.

இப்போது அதே பாடத்தில் மேல்நிலை வகுப்புக்கு ஒரு நல்ல கேள்வியை அமைப்போம். ஒரே ஊர், ஒரே மனிதர், நீதிமன்றத்தில் நிறுவப்பட்ட உண்மைகள் என்று சுருக்கிக்கொண்டால், படுகொலைக் களத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லாமலேயே ஆழமாகக் கேட்க முடியும். முதலில் ஒரு சிறு பத்தி:

*ஜான்-பால் அகயேசு முன்பு ஆசிரியராக இருந்தவர். 1993 முதல் ருவாண்டாவின் தாபா என்ற வட்டாரத்தின் தலைவராக இருந்தார். வட்டாரக் காவலர்கள் அவர் பொறுப்பில் இருந்தனர். 1994 ஏப்ரல் 7க்குப் பிறகும் முதல் சில நாட்களுக்கு அவர் தம் பகுதியில் வன்முறையைத் தடுக்க முயன்றார். ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் உள்ளூர் நிர்வாகிகளைக் கூட்டிய கூட்டத்தில் அவர் கலந்துகொண்டார். அதன் பின் அவருடைய போக்கு மாறியது. துட்சி மக்களுக்கு எதிரான தாக்குதல்களை அவர் தூண்டினார். தான்சானியாவின் அருஷாவில் இயங்கிய ஐ.நா. தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று அவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக்காக ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை.*

கேள்விகள்:

*(அ) வட்டாரத் தலைவர் என்ற முறையில் அகயேசுவுக்கு என்ன அதிகாரம் இருந்தது? (1)*

*(ஆ) ஏப்ரல் 18க்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தில் உள்ள மாற்றம், படுகொலை எவ்வாறு பரவியது என்பதைப் பற்றி என்ன காட்டுகிறது? (3)*

*(இ) ஒருவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க, கொலைகள் நடந்தன என்பதைத் தவிர வேறு எதை நிறுவ வேண்டும்? 1948 உடன்படிக்கையின் துணைகொண்டு விளக்குக. (4)*

முதல் கேள்வி மாணவரைப் பத்திக்குள் கொண்டுவருகிறது. இரண்டாவதுதான் இந்த வினாவின் உயிர். தடுக்க முயன்ற ஒருவர் ஒரு கூட்டத்துக்குப் பிறகு தூண்டுபவராக மாறினார் என்றால், படுகொலை மேலிருந்து கீழே நிர்வாகத்தின் வழியாக இறங்கியது என்பதும், தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தபோது ஒருவர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. பழம்பகை என்ற பொய்யான விளக்கத்துக்கு அங்கே இடமில்லை. மூன்றாவது கேள்வி சட்டத்துக்கு அழைத்துச் செல்கிறது. தேசிய, இன, மரபின அல்லது மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிறுவினால்தான் அது இனப்படுகொலை. ஒரு பெருங்கொலையும் இனப்படுகொலையும் எங்கே பிரிகின்றன என்பதை மாணவர் அறிகிறார். எல்லாக் கொடுமைக்கும் ஒரே பெயரை அள்ளித் தெளிக்கவும் மாட்டார், தகுந்த இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கவும் மாட்டார்.

மொத்தம் 8 மதிப்பெண். ஒரு காயமும் வர்ணிக்கப்படவில்லை. ஆனாலும் பழைய கேள்வியைவிட இது கடினமானது.

படம் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் பிரிவு குறிக்கப்பட்ட பழைய அடையாள அட்டையின் மாதிரி ஒன்று போதும். 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் யார் துட்சி என்று பிரித்தார்கள். ஒரு நிர்வாகச் சான்று எப்படி ஆபத்தின் கருவியாக மாறியது என்று கேட்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. இறந்தவர்களின் உடல்களைக் காட்டும் படத்தைத் தேர்வில் தரவே கூடாது. அவர்கள் தம் வாழ்வின் மிகவும் இயலாத கணத்தில், அனுமதி கேட்க ஆளில்லாமல் படம்பிடிக்கப்பட்டவர்கள்.

விடைக்குறிப்பில் ஒளிந்திருக்கும் கேள்வி

வினாவை நன்றாக எழுதிவிட்டு விடைக்குறிப்பில் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கும். எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அதையே அடுத்த ஆண்டு மாணவர்கள் படிப்பார்கள். நம் நாட்டில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் உரைநூல்களாகக் கடைக்கு வந்துவிடுகின்றன. விடைக்குறிப்பில் கொடூரச் செயல்களைக் குறிப்பிட்டால் 2 மதிப்பெண் என்று ஒரு வரி இருந்தால் போதும். அடுத்த ஆண்டு வரும் துணைநூலில் கொடூரச் செயல்கள் என்ற தலைப்பில் ஐந்து பொருள்கூறுகள் அச்சாகிவிடும்.

மேலே உள்ள (ஆ) கேள்விக்கு விடைக்குறிப்பு இப்படி அமையலாம். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மாறுபாட்டைப் பத்தியிலிருந்து எடுத்துக்காட்டினால் ஒரு மதிப்பெண். மத்தியில் எடுக்கப்பட்ட முடிவு உள்ளூர் நிர்வாகத்தின் வழியாகச் செயலானது என்று சொன்னால் ஒன்று. தனிமனிதருக்கு வேறு வழியும் இருந்தது என்பதையோ, அதற்கு இருந்த அழுத்தத்தையோ சுட்டினால் ஒன்று. இதோடு திருத்துபவருக்கு ஒரு குறிப்பும் வேண்டும்: கோரமான விவரங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் இல்லை, அவை இல்லாததற்காகக் குறைக்கவும் கூடாது. நெஞ்சை உருக்கும் சொற்களுக்கும் மதிப்பெண் இல்லை. மாணவர் எவ்வளவு வருந்துகிறார் என்பதைத் தேர்வு அளக்க முடியாது. அளக்க முயன்றால் நடிப்பைத்தான் வளர்க்கும்.

விடைத்தாளில் சில சமயம் வேறு ஒன்றும் வரும். ஒரு பிள்ளை தன் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதியிருக்கும். அதை வெறும் விடையாகத் திருத்திவிட்டுக் கட்டி வைத்துவிடக் கூடாது. பள்ளித் தேர்வு என்றால் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லலாம். பொதுத்தேர்வு என்றால் முதன்மைத் தேர்வாளர் வழியாக அந்தத் தகவல் உரியவர்களுக்குப் போக ஒரு வழி முன்பே வகுத்திருக்க வேண்டும்.

மென்மை வேறு, மறைப்பு வேறு

இவ்வளவு எச்சரிக்கையும் ஓர் எல்லையைத் தாண்டினால் தீங்காகிவிடும். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று, 1994இல் ருவாண்டாவில் ஏற்பட்ட துயர நிகழ்வுகள் என்று எழுதுகிறோம். அப்படி எழுதினால் செய்தவர் யாரும் இல்லாமல் போகிறார். அப்பாவிகள் பலர் உயிரிழந்தனர் என்பதும் அப்படியே. நோயாலும் உயிரிழக்கலாம், விபத்தாலும் உயிரிழக்கலாம். கொன்றார்கள் என்ற இடத்தில் கொன்றார்கள் என்றே எழுத வேண்டும். இடைக்கால அரசும் அதன் ஆயுதக்குழுக்களும் கொன்றன என்று எழுவாயோடு எழுத வேண்டும். வர்ணனையைத் தவிர்க்கலாம்; வினைச்சொல்லையும் எழுவாயையும் தவிர்க்கக் கூடாது.

அகயேசு வழக்கிலேயே இதற்கு ஒரு கடினமான இடம் இருக்கிறது. ஒரு மக்கள்குழுவை அழிக்கும் நோக்கத்தோடு நடக்கும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகும் என்று முதலில் தீர்ப்பளித்ததும் அந்த வழக்குதான். சாட்சி சொன்ன பெண்களின் துணிச்சலால் கிடைத்த தீர்ப்பு அது. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. சட்டமோ பன்னாட்டு உறவோ படிக்கும் கல்லூரி மாணவருக்கு அதை விட்டுவிட்டால் தீர்ப்பின் முக்கியப் பகுதியையே மறைத்ததாகும். அங்கே தீர்ப்பாயம் என்ன முடிவுக்கு வந்தது, அதனால் சட்டம் எப்படி மாறியது என்று கேட்க வேண்டும். நடந்ததை விவரிக்கச் சொல்லக் கூடாது. நிகழ்ச்சியை விட்டுவிட்டு முடிவைக் கேட்பது என்ற இந்த வழி, சொல்ல முடியாத பல இடங்களில் கைகொடுக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்விகளிலும் எல்லை வேண்டும். எது பெரிய கொடுமை, யாருடைய துன்பம் அதிகம் என்று கேட்பது எந்த வடிவத்திலும் தகாது. முன்னெச்சரிக்கைகளை ஒப்பிடலாம், உலக நாடுகள் நடந்துகொண்ட விதத்தை ஒப்பிடலாம். படுகொலை நடந்துகொண்டிருந்த 1994 ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ருவாண்டாவில் இருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை எடுத்தபோது உறுப்பு நாடுகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டால், வாதத்துக்கு உண்மையிலேயே இடமுள்ள ஒரு நெடுவினா கிடைக்கும்.

அச்சுக்குப் போகும் முன்

வினாத்தாள் குழுவில் இத்தகைய கேள்வி ஒன்று வந்தால், அதற்கு ஒரு மாதிரி விடையைக் குழுவில் உள்ளவர்களே கையால் எழுதிப் பார்க்க வேண்டும். முழு மதிப்பெண் வாங்கும் விடை எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே கேள்வியின் குணம் வெளியே வந்துவிடும். விடையில் ஆயுதங்களின் பட்டியல் வந்தால் கேள்வி தவறு. கொன்றவர்களின் வாதம் மறுப்பில்லாமல் வந்தால் கேள்வி தவறு. முடிவெடுத்தவர்கள், ஆணைகள், சட்டங்கள், எதிர்த்தவர்கள், தீர்ப்புகள் என்று வந்தால் கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது. பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியரோ ஆய்வாளரோ அதைப் படித்துப் பார்ப்பது நல்லது. அத்தகையவர் கிடைக்காவிட்டால், பிழைத்த ஒருவருக்கு எதிரில் நின்று இந்தக் கேள்வியை உரக்கப் படிக்க என்னால் முடியுமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வியை வினாத்தாளில் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். முதல் கேள்வியாக வைத்தால் அதன் பாரம் முழுத் தாளின் மேலும் விழும். மாற்று வினா தருவது நல்லது. ஆனால் இந்தப் பாடம் முழுவதும் ஆண்டுதோறும் மாற்று வினாவின் பின்னால் ஒளிந்துபோகும்படி செய்துவிடக் கூடாது. தேர்வில் வராத பாடத்தை நம் பள்ளிகள் நடத்துவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பாடத்திலிருந்து கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் எப்படிச் செத்தார்கள் என்று கேட்காதீர்கள். யார் முடிவெடுத்தார்கள், யார் கீழ்ப்படிந்தார்கள், யார் மறுத்தார்கள், எந்தச் சட்டமும் எந்தத் தாளும் அதற்கு வழி செய்தது என்று கேளுங்கள். இறந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையும், எழுதும் பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய கல்வியும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றன.